45-ஐக் கழித்ததும் என்ன மாறியது? வர்க்க உறுப்பும் மையப்படுத்தலும்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒட்டுப்பசை ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்த நண்பர் ஒரு நாள் மாலை தன் ரிக்ரெஷன் முடிவை அனுப்பிவைத்தார். பசையை எந்த வெப்பநிலையில் இறுகவைத்தால் ஒட்டு வலிமை அதிகமாகும் என்பதுதான் அவருடைய கேள்வி. 30 டிகிரி செல்சியஸிலிருந்து 60 வரை ஐந்து ஐந்து டிகிரியாக ஏழு நிலைகள், ஒவ்வொரு நிலையிலும் நான்கு சோதனைத் துண்டுகள், மொத்தம் 28. வலிமையை மெகாபாஸ்கலில் அளந்திருந்தார். வெப்பம் கூடக் கூட வலிமை ஏறி, ஒரு கட்டத்துக்கு மேல் இறங்கும் என்று அவருக்குத் தோன்றியதால், வெப்பநிலையோடு அதன் வர்க்கத்தையும் ரிக்ரெஷன் மாதிரியில் சேர்த்திருந்தார். அதில் பிழை எதுவும் இல்லை.

கூடவே ஒரு வரி எழுதியிருந்தார்: "வி.ஐ.எஃப். 109 வருகிறது. பத்தைத் தாண்டினாலே ஆபத்து என்று படித்திருக்கிறேன். வர்க்க உறுப்பைத் தூக்கிவிடட்டுமா?"

வி.ஐ.எஃப். என்பது, ஒரு மாறி மற்ற மாறிகளோடு ஒட்டிப் போவதால் அதன் கெழுவின் பரவற்படி எத்தனை மடங்கு ஊதுகிறது என்று சொல்லும் எண். நண்பரின் கேள்விக்கான பதிலைத்தான் இங்கே முழுதாகப் போட்டுப் பார்க்கப்போகிறேன். யார் வேண்டுமானாலும் கையாலேயே சரிபார்க்கும்படி எண்களை முழுமையாக்கி, விளக்கத்துக்கென்று அமைத்திருக்கிறேன். கீழே உள்ள வரிகளை ஆர் மென்பொருளில் ஓட்டினால், இந்தச் சோதனைக்கு நான் சொல்லும் எண்களைச் சரிபார்க்கத் தேவையான தரவும் இரண்டு முக்கிய மாதிரிகளும் கிடைத்துவிடும்.

```r
x  <- rep(seq(30, 60, 5), each = 4)
e  <- rep(c(1, 1, -1, -1), 7) * sqrt(56.25/28)
y  <- -4.75 + x - 0.01*x^2 + e
m1 <- lm(y ~ x + I(x^2))
xc <- x - 45
m2 <- lm(y ~ xc + I(xc^2))
```

தூக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்

முதலில் அவர் செய்ய நினைத்ததையே செய்து பார்த்தோம். வர்க்கத்தை எடுத்துவிட்டு வெப்பநிலையை மட்டும் வைத்தால் சாய்வு டிகிரிக்கு 0.10 மெகாபாஸ்கல், டி மதிப்பு 3.07. மாறிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் போகும் கோலினியாரிட்டி என்ற பேச்சுக்கே இடமில்லை, ஏனென்றால் இருப்பது ஒரே ஒரு மாறி. பார்க்கச் சுத்தமான மாதிரி. 60 டிகிரியில் வலிமை 20.5 என்றும் 50 டிகிரியில் 19.5 என்றும் அது சொல்கிறது. இதை நம்பினால், சூட்டை ஏற்றிக்கொண்டே போகலாம் என்றுதான் யாரும் முடிவெடுப்பார்கள்.

வர்க்கம் இருக்கும் மாதிரியோ 50 டிகிரியில் 20.25, 60 டிகிரியில் 19.25 என்கிறது. உச்சம் 50-இல் இருக்கிறது, அதைத் தாண்டினால் இறக்கம். வர்க்க உறுப்பின் டி மதிப்பு −3.06. தரவு அந்த வளைவை நன்றாகவே காட்டுகிறது. வி.ஐ.எஃப். பயத்தில் அந்த உறுப்பை எடுத்திருந்தால் பரிந்துரையே தலைகீழாகியிருக்கும். சோதனையின் நோக்கமே உச்சம் எங்கே என்று கண்டுபிடிப்பது. அந்த உச்சத்தைத் தாங்கி நிற்பது வர்க்க உறுப்பு ஒன்றுதான்.

ஆகவே தூக்குவது கிடையாது. அப்படியானால் அந்த 109 என்ன சொல்கிறது?

ஒரே தரவு, மூன்று வெப்பமானிகள்

வெப்பநிலைக்கும் அதன் வர்க்கத்துக்கும் இடையே ஒட்டுறவுக் கெழு 0.9954. ஏன் இவ்வளவு? x² என்பது வளைவுதான். ஆனால் 30-க்கும் 60-க்கும் இடையில் மட்டும் அதைப் பார்த்தால் கிட்டத்தட்ட ஒரு நேர்கோடு. 30-இல் 900, 60-இல் 3600. இரண்டையும் நேர்கோட்டால் இணைத்தால் நடுவில் 45-இல் 2250 வரும்; உண்மையான வர்க்கம் 2025. 2700 அளவுக்கு ஏறும் ஏற்றத்தில் வளைவு விலகுவது 225 மட்டுமே. மிச்சமெல்லாம் x போகும் வழியிலேயே போகிறது.

இப்போது இதே 28 சோதனைத் துண்டுகளின் வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டில் எழுதிப் பாருங்கள். வி.ஐ.எஃப். சுமார் 211. கெல்வினில் எழுதினால் சுமார் 5,400. சோதனைத் துண்டுகள் மாறவில்லை, பசை மாறவில்லை, வலிமை மாறவில்லை. மாறியது அளவுகோலில் சுழியம் எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான். செல்சியஸில் சுழியம் தரவின் நடுவிலிருந்து 45 டிகிரி தள்ளி இருக்கிறது. கெல்வினில் 318 டிகிரி தள்ளி. சுழியம் தூரமாகப் போகப் போக, தரவு இருக்கும் அந்தச் சின்னத் துண்டில் x² இன்னும் இன்னும் நேராகத் தெரியும், வி.ஐ.எஃப். ஏறும்.

நண்பருக்கு விஷயம் பிடிபட்டது இந்த இடத்தில்தான். வெப்பமானியை மாற்றினால் ஏறி இறங்கும் ஓர் எண்ணால், தரவில் தகவல் போதுமா போதாதா என்பதைச் சொல்ல முடியாது. இந்த வகைக் கோலினியாரிட்டிக்கு, தரவின் இயல்பிலிருந்து வராத, 'அவசியமற்ற' ஒன்று என்ற பொருளில் டொனால்ட் மார்க்வர்ட் 1980-இல் பெயர் வைத்தார். பொருத்தமான பெயர்.

சரி, சுழியத்தை நாமே தரவின் நடுவுக்கு நகர்த்திவிடலாமே? அதுதான் மையப்படுத்துதல். ஒவ்வொரு வெப்பநிலையிலிருந்தும் சராசரியான 45-ஐக் கழிக்கிறோம். 30 என்பது −15 ஆகும், 45 என்பது 0, 60 என்பது +15. இதன் வர்க்கம் 225, 0, 225. இரண்டு முனைகளிலும் ஒரே உயரம், நடுவில் பள்ளம். இடமிருந்து வலமாகப் போகும்போது xc ஏறிக்கொண்டே போகிறது. அதன் வர்க்கம் பாதி தூரம் இறங்கி, பாதி தூரம் ஏறுகிறது. ஒட்டுறவு சரியாக 0, வி.ஐ.எஃப். சரியாக 1.

எல்லாம் சரியாகிவிட்டதா?

இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது நண்பர் முதலில் குழம்பினார், நியாயமாகவே.

மையப்படுத்தாத மாதிரி: வெட்டு −4.75; வெப்பநிலையின் கெழு 1.00, திட்டப்பிழை 0.296, டி 3.38, வர்க்கத்தின் கெழு −0.010, திட்டப்பிழை 0.00327, டி −3.06.

மையப்படுத்திய மாதிரி: வெட்டு 20.0, வெப்பநிலையின் கெழு 0.10, திட்டப்பிழை 0.0283, டி 3.53, வர்க்கத்தின் கெழு −0.010, திட்டப்பிழை 0.00327, டி −3.06.

வர்க்கத்தின் வரியைப் பாருங்கள். கெழு, திட்டப்பிழை, டி மதிப்பு மூன்றும் இரண்டிலும் ஒன்றேதான். அந்த உறுப்பின் வி.ஐ.எஃப்.-உம் 109-இலிருந்து 1-க்கு இறங்கியிருக்கிறது, ஆனால் திட்டப்பிழை துளிகூடக் குறையவில்லை. R² இரண்டிலும் 0.466. எச்சத்தின் திட்ட விலக்கம் இரண்டிலும் 1.5. எந்த வெப்பநிலைக்குக் கணிப்புக் கேட்டாலும் ஒரே விடை, அந்தக் கணிப்பின் திட்டப்பிழையும் ஒன்றே.

"பரவற்படியை 109 மடங்கு ஊதிப் பெருக்கிய காரணி போய்விட்டது, ஆனால் பரவற்படி அப்படியே இருக்கிறது. எப்படி?" என்று கேட்டார். மிகச் சரியான கேள்வி. பதில் சூத்திரத்திலேயே இருக்கிறது. ஒரு கெழுவின் திட்டப்பிழையின் வர்க்கம் இப்படி:

```
SE² = s² × VIF / SS
```

s² என்பது எச்சத்தின் பரவற்படி, SS என்பது அந்த மாறி தன் சராசரியிலிருந்து விலகும் விலக்கங்களின் வர்க்கக் கூட்டல். வி.ஐ.எஃப்.-ஐ மட்டும் பார்ப்பவர்கள் கீழே இருக்கும் இந்த SS-ஐ மறந்துவிடுகிறார்கள். x²-க்கு SS 2,28,90,000. மையப்படுத்தியபின் xc²-க்கு SS 2,10,000. முதலாவதை இரண்டாவதால் வகுத்துப் பாருங்கள்: 109. மேலே 109 மடங்கு குறைந்தது, கீழேயும் அதே 109 மடங்கு குறைந்தது. ஈவு மாறவில்லை.

x² பெரிதாகப் பரவியிருந்ததே x-ஓடு சேர்ந்து ஏறியதால்தான். அந்தப் பரவலில் 109-இல் 108 பங்கு x ஏற்கெனவே சொல்லிவிட்ட சேதி. வளைவைப் பற்றி x² மட்டுமே சொல்லக்கூடிய சேதி அந்த மிச்சம் ஒரு பங்கில் இருந்தது. மையப்படுத்தும்போது 108 பங்கை வெளியே எடுத்துவிடுகிறோம். அந்த ஒரு பங்கு முன்பும் அவ்வளவே, இப்போதும் அவ்வளவே.

இதே முடிவை ராஜ் எச்சம்பாடியும் ஜேம்ஸ் ஹெஸ்ஸும் 2007-இல் பெருக்கல் உறுப்புகளுக்குக் கணிதமாகவே காட்டினார்கள். அதற்குப் பிறகும் "கோலினியாரிட்டியைக் குறைப்பதற்காக மாறிகள் மையப்படுத்தப்பட்டன" என்ற வாக்கியம் அறிக்கைகளில் வந்துகொண்டே இருக்கிறது. படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். மையப்படுத்தியதில் தவறில்லை. ஆனால் அப்படிச் செய்ததால் தரவு பலம் பெற்றுவிட்டது என்று எழுதியவரும் நம்பி, படிப்பவரும் நம்பிவிடுகிறார்கள்.

1.00 ஏன் 0.10 ஆனது

மாறியது வெப்பநிலையின் நேர்க் கெழு. அதுவும் பத்தில் ஒரு பங்காக. "முன்பு டிகிரிக்கு ஒரு மெகாபாஸ்கல் கூடும் என்று வந்தது, இப்போது 0.10 என்கிறது. எது சரி?" என்று நண்பர் கேட்டார்.

இரண்டுமே சரி. இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள். வளைவில் சாய்வு ஒவ்வோர் இடத்திலும் வேறு. நேர்க் கெழு சொல்வது சுழியம் இருக்கும் இடத்தின் சாய்வை மட்டும். முதல் மாதிரியில் சுழியம் என்பது 0 டிகிரி செல்சியஸ். அங்கே நாம் எந்தச் சோதனைத் துண்டையும் இறுகவைக்கவில்லை. மிக அருகில் உள்ள அளவீடே 30 டிகிரி தள்ளி இருக்கிறது. வெட்டு −4.75 மெகாபாஸ்கல் என்று வந்ததே, எதிர்மறை வலிமை என்று ஒன்று உண்டா? தரவு இல்லாத இடத்துக்கு வளைவை நீட்டிக்கொண்டு போனதன் விளைவு அது. இரண்டாவது மாதிரியில் சுழியம் 45 டிகிரி. அங்கே வலிமை 20.0, ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய 0.10 கூடும். தரவின் நடுவில் கேட்ட கேள்வி என்பதால் பதிலும் உறுதியாக வருகிறது.

திட்டப்பிழை 0.296-இலிருந்து 0.0283-க்கு இறங்கியதும் இதனால்தான். மையப்படுத்தாத மாதிரியிலிருந்தே 45 டிகிரியில் சாய்வைக் கணக்கிட்டால் அதே 0.10-உம் அதே 0.0283-உம் கிடைக்கும். மையப்படுத்திய மாதிரியிலிருந்து 0 டிகிரியின் சாய்வைக் கேட்டால் 1.00-உம் 0.296-உம் திரும்ப வரும். சூத்திரம் எளிது: நேர்க் கெழு b1, வர்க்கத்தின் கெழு b2 என்றால் ஓரிடத்தின் சாய்வு b1 + 2·b2·xc. மையப்படுத்திய இந்தத் தரவில் இரண்டு கெழுக்களுக்கும் இடையே உடன்மாறுபாடு இல்லை என்பதால், அந்தச் சாய்வின் பரவற்படி SE1² + 4·xc²·SE2². இதில் xc-க்கு −45 போட்டுப் பார்த்தால் 0.296 வந்துவிடும்.

இதைப் பயன்படுத்தி மூன்று இடங்களில் சாய்வை எடுத்தோம். 30 டிகிரியில் 0.40, திட்டப்பிழை 0.102. நடுவில் 45-இல் 0.10, திட்டப்பிழை 0.028. 60 டிகிரியில் −0.20, திட்டப்பிழை 0.102. நடுவில் உறுதி, ஓரங்களில் தளர்வு. வர்க்க உறுப்பு உள்ள ரிக்ரெஷனில் எதிர்பார்க்க வேண்டியது இதுவே.

இன்னொரு விஷயமும் கவனித்தோம். நேர்க் கெழுவின் திட்டப்பிழை பத்து மடங்குக்குச் சற்று அதிகமாகக் குறைந்தது, கெழுவும் பத்து மடங்கு குறைந்தது. அதனால் டி மதிப்பு 3.38-இலிருந்து 3.53-க்கு மட்டுமே நகர்ந்தது. வேறொரு தரவில் இந்த டி தாவிக் குதிக்கலாம், குறியே மாறலாம், முக்கியத்துவம் வரலாம் அல்லது போகலாம். அப்படி நடந்தால் மையப்படுத்துதல் எதையோ கண்டுபிடித்துத் தந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கேள்வி இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

உண்மையில் வேண்டியிருந்த எண்

நண்பருக்கு வேண்டியது உச்சத்தின் இடம். −b1/(2·b2) என்று போட்டால் முதல் மாதிரியில் நேராக 50 டிகிரி. இரண்டாவதில் +5, அதாவது 45-ஐக் கூட்ட 50. இதன் திட்டப்பிழை, டெல்டா முறைப்படி, உச்சத்தில் உள்ள சாய்வின் திட்டப்பிழையை 2·b2-வின் அளவால் வகுத்தால் கிடைக்கும்: 0.0433/0.02, ஏறக்குறைய 2.2 டிகிரி. ஆக 95 விழுக்காடு இடைவெளி தோராயமாக 45.5-இலிருந்து 54.5 வரை.

இங்கே நண்பர் ஒரு குழியில் விழப் பார்த்தார். மையப்படுத்தாத மாதிரியில் கெழுக்களின் திட்டப்பிழைகளை மட்டும் எடுத்து, சுயேச்சையானவை என்று வைத்து, 50 டிகிரியில் சாய்வின் திட்டப்பிழையைப் போட்டார். 0.0433 வர வேண்டிய இடத்தில் 0.44 வந்தது. பத்து மடங்கு. அந்த மாதிரியில் இரண்டு கெழுக்களுக்கும் இடையே ஒட்டுறவு −0.9954. ஒன்று கூடினால் மற்றது குறைந்து ஈடுகட்டும். அந்த உடன்மாறுபாட்டை `vcov(m1)`-இலிருந்து எடுத்துச் சேர்த்ததும் 0.0433 வந்துவிட்டது. தனித்தனியாகப் பார்த்தால் தள்ளாடும் இரண்டு கெழுக்கள், சேர்ந்து நிற்கும்போது உறுதியாக நிற்கின்றன. கோலினியாரிட்டி அதிகமாக இருந்தும் கணிப்பு கெடாமல் இருப்பதற்குக் காரணம் இதுவே.

பெருக்கல் உறுப்பிலும் இதே கதை

அடுத்த சுற்றில் வெப்பநிலையை 50 டிகிரியில் நிறுத்திவிட்டு, இறுகும் நேரத்தையும் அழுத்தத்தையும் மாற்றிப் பார்த்தார். நேரம் 20, 40, 60, 80 நிமிடம். அழுத்தம் 2 பாரிலிருந்து 8 பார் வரை ஏழு நிலைகள். ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு சோதனைத் துண்டு. நேரம், அழுத்தம், இரண்டின் பெருக்கல் என்று மாதிரி. வி.ஐ.எஃப். முறையே 7.25, 6, 12.25. நேரத்திலிருந்து 50-ஐயும் அழுத்தத்திலிருந்து 5-ஐயும் கழித்தபின் பெருக்கினால் மூன்றும் 1.

பெருக்கல் உறுப்பின் கெழு −0.01, மையப்படுத்தினாலும் படுத்தாவிட்டாலும் அதுவும் அதன் திட்டப்பிழையும் மாறவில்லை. நேரத்தின் கெழு மட்டும் 0.09-இலிருந்து 0.04 ஆனது. இப்போது நண்பரே காரணத்தைச் சொல்லிவிட்டார்: 0.09 என்பது அழுத்தம் 0 பார் இருக்கும்போது ஒரு நிமிடத்தின் பலன், 0.04 என்பது 5 பாரில் அதன் பலன். 2 பாரில் 0.07, 8 பாரில் 0.01. அழுத்தம் குறைவாக இருக்கும்போது நேரம் கொடுத்தால் பலன் உண்டு, அழுத்தம் அதிகமென்றால் நேரத்தால் பெரிய பலன் இல்லை. பெருக்கல் உறுப்பு இருக்கும் மாதிரியில் நேரத்தின் கெழுவை 'முதன்மை விளைவு' என்று பொதுப்படையாகச் சொல்லிவிட முடியாது. எந்த அழுத்தத்தில் என்று சேர்த்துச் சொன்னால்தான் அதற்கு அர்த்தம் உண்டு.

மையம் சராசரியாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வழக்கமாக 4 பாரில் வேலை நடக்கிறது என்றால் 4-ஐக் கழிக்கலாம். வி.ஐ.எஃப். 1-ஆக வராது, ஆனால் நேரத்தின் கெழு நமக்குத் தேவையான கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும். நான் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறேன்.

சராசரியைக் கழித்தும் ஒட்டுறவு மிஞ்சினால்

நமது தரவு இரு பக்கமும் சமச்சீரானது என்பதால் ஒட்டுறவு சரியாக 0 ஆனது. கோட்டம் உள்ள மாறியில் இது நடக்காது. மையப்படுத்திய மாறிக்கும் அதன் வர்க்கத்துக்கும் இடையிலான ஒட்டுறவின் வர்க்கம், கோட்டக் கெழுவின் வர்க்கத்தை, தட்டைக் கெழுவில் ஒன்று குறைத்து அதனால் வகுத்தால் வருவது. அடுக்குக்குறிப் பரவலை எடுத்துக்கொண்டால் கோட்டம் 2, தட்டைக் கெழு 9. ஆக 4/8, ஒட்டுறவு 0.71, வி.ஐ.எஃப். 2. சராசரியைக் கழித்த பிறகும் இது மிச்சம்.

அதையும் ஒழிக்க வேறொரு மையத்தைத் தேடிப் போகலாம். அந்தப் பரவலில் சராசரியைப் போல் இரண்டு மடங்கைக் கழித்தால் ஒட்டுறவு 0 ஆகும். ஆனால் அதற்காக மட்டும் அப்படிச் செய்வதில் பயனில்லை. வர்க்க உறுப்பின் திட்டப்பிழை எந்த மையத்திலும் நகராது என்று பார்த்துவிட்டோம். வளைவு உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ஓரங்களில் இன்னும் அளவீடுகள் வேண்டும், அல்லது அளவீட்டின் இரைச்சல் குறைய வேண்டும்.

கை தவறும் இடங்கள்

நான் அடிக்கடி பார்க்கும் தவறு, வரிசை மாறுவது. முதலில் x²-ஐக் கணக்கிட்டு, பிறகு x-இலிருந்து அதன் சராசரியையும் x²-இலிருந்து அதன் சராசரியையும் தனித்தனியாகக் கழிப்பார்கள். ஒட்டுறவு 0.9954 அப்படியே இருக்கும், ஏனென்றால் மாறிலியைக் கழிப்பதால் ஒட்டுறவு மாறாது. முதலில் கழிக்க வேண்டும், பிறகுதான் வர்க்கம் எடுக்க வேண்டும். பெருக்கல் உறுப்புக்கும் அதுவே. மையப்படுத்தியும் வி.ஐ.எஃப். அசையவில்லை என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

ஆரில் இன்னொன்று: `lm(y ~ x + x^2)` என்று எழுதினால் வர்க்கம் சேராது. சூத்திரத்துக்குள் `^` என்பதற்கு வேறு பொருள் உண்டு, `I(x^2)` என்றுதான் எழுத வேண்டும். எச்சரிக்கை எதுவும் வராது. முடிவில் எத்தனை வரிகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நேர் உறுப்பை நீக்கும் விஷயம் இதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது. மையப்படுத்திய பிறகு நேர்க் கெழு முக்கியமில்லை என்று வந்தால், வர்க்கத்தை வைத்துக்கொண்டு நேர் உறுப்பை மட்டும் எடுத்துவிடத் தோன்றும். எடுத்தால் உச்சம் நிச்சயமாக மையத்திலேயே இருக்கிறது என்று தரவின் மேல் திணிக்கிறோம். நம் தரவில் அது உச்சத்தை 50-இலிருந்து 45-க்கு இழுத்துக்கொண்டு வந்துவிடும். மையம் எது என்பது நம் வசதிக்காக எடுத்த முடிவு. அது உச்சத்தின் இடத்தைத் தீர்மானிக்கக் கூடாது.

மையப்படுத்துதல் பொருத்தத்தையே பாதிக்கும் வேறு சில இடங்களும் உண்டு. ரிட்ஜ், லாசோ போன்ற தண்டனை வைக்கும் முறைகளில் கெழுவின் அளவுக்கே விலை இருப்பதால், வர்க்க உறுப்பு உள்ள மாதிரியில் மையம் மாறினால் விடையும் மாறும். பேஸியன் மாதிரியில் கெழுவுக்கு முன்பரவல் வைத்தாலும் அப்படியே: 0 டிகிரியின் சாய்வுக்கு வைக்கும் முன்பரவலும் 45 டிகிரியின் சாய்வுக்கு வைக்கும் முன்பரவலும் ஒன்றல்ல. கலப்பு மாதிரிகளில் சமவாய்ப்பு வெட்டுக்கும் சாய்வுக்கும் ஒட்டுறவு இல்லை என்று கட்டிவைத்தால், அந்தக் கட்டுப்பாட்டின் பொருள் சுழியத்தின் இடத்தைப் பொறுத்தது. இங்கெல்லாம் மையத்தை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏன் அதைத் தேர்ந்தெடுத்தோம் என்றும் எழுத வேண்டும்.

கணினியின் கணக்கும் ஒரு காரணம். 109-க்கெல்லாம் இன்றைய மென்பொருள் தடுமாறாது. ஆனால் 1990 முதல் 2020 வரையிலான ஆண்டை அப்படியே வைத்து வர்க்கம் எடுத்தால் வி.ஐ.எஃப். சுமார் இரண்டரை லட்சம்; முப்படி எடுத்தால் எண்கள் 800 கோடியைத் தொடும். படிப்படியாகத் தேடிப் போகும் முறைகள் இதில் மெதுவாகும், சில சமயம் நின்றுவிடும். கலப்பு மாதிரிகளுக்கான ஆர் தொகுப்பான `lme4`-இல் `Model is nearly unidentifiable: very large eigenvalue` என்ற எச்சரிக்கை வந்தால், ஆண்டிலிருந்து 2005-ஐக் கழித்துவிட்டு, பத்தால் வகுத்து, மறுபடி ஓட்டிப் பாருங்கள். பல நேரம் அது போதும்.

அப்புறம் நடந்தது

நண்பர் மையப்படுத்திய மாதிரியையே வைத்துக்கொண்டார். சில வாரங்களில் 50 முதல் 60 டிகிரி வரை மட்டும் உள்ள ஒரு புதிய தொகுதிக்குக் கணிப்புப் போட்டபோது, 60 டிகிரிக்கு 20.25 என்று வந்தது. முன்பு 19.25 என்று வந்த அதே இடம். தேடிப் பார்த்தால், புதிய தொகுதியின் சராசரியான 55-ஐக் கழித்திருந்தார். மாதிரி அதை +5 என்று படித்து, 50 டிகிரிக்கான உச்ச வலிமையைக் கொடுத்துவிட்டது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, எண்ணும் நம்பும்படியாக இருந்தது. பழைய கணிப்பு நினைவில் இருந்ததால்தான் பிடிபட்டது.

அதன்பின் நிரலில் சராசரி கணக்கிடும் இடத்தை எடுத்துவிட்டு, 45 என்ற எண்ணையே எழுதிவைத்தோம். அறிக்கையின் அட்டவணையில் வெப்பநிலையின் கெழுவுக்குப் பக்கத்தில் "45 டிகிரியில் சாய்வு" என்று சேர்த்தார். வி.ஐ.எஃப். பத்தியை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் 30, 45, 60 டிகிரிகளில் சாய்வையும், உச்சம் 50 டிகிரி, இடைவெளி 45.5 முதல் 54.5 வரை என்பதையும் போட்டார். அடுத்த சோதனைக்கு 25, 65 டிகிரிகளில் ஆறு ஆறு சோதனைத் துண்டுகள் கேட்டு எழுதியிருக்கிறார்.